கால் மணி நேரம் யார் கணக்கில்?

இருப்பது விழுப்புரம். திண்டிவனத்தில் ஒரு அரிசி ஆலைக்கு ஸ்டாக் கணக்கு மென்பொருளைப் பராமரிக்கிறேன். மணிக்கு 600 ரூபாய், செய்த நேரத்துக்கு மட்டும் பில். இதில் என்ன சிக்கல் வரப்போகுதுன்னுதான் நானும் நினைச்சேன்.

நேரம் குறிக்கும் மென்பொருள்கள் பலவற்றில் 'முழுமையாக்கு' என்று ஒரு வசதி உண்டு. 15 நிமிடம் என்று வைத்தால் ஒவ்வொரு பதிவையும் அடுத்த கால் மணிக்கு ஏற்றிவிடும். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆலை வேலை வந்த ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். போன் 4 நிமிடம், பிழை தேடியது 7, திருத்தியது 22, இன்னொரு போன் 3, சோதனை 11, மாலையில் ரிப்போர்ட் 38. கூட்டினால் 85 நிமிடம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றினால் 15, 15, 30, 15, 15, 45. மொத்தம் 135 நிமிடம், 1350 ரூபாய். நாள் மொத்தத்தை மட்டும் ஒரு தடவை ஏற்றினால் 90 நிமிடம், 900 ரூபாய். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் 450 ரூபாய் முளைத்துவிட்டது. வேலை எவ்வளவு துண்டு துண்டாக வருகிறதோ அவ்வளவு லாபம். அதாவது, அடிக்கடி போன் பண்ணுகிற வாடிக்கையாளருக்கு அவருக்கே தெரியாமல் ஒரு அபராதம்.

6 நிமிட அலகுக்கு மாறினால் தீருமா? அமெரிக்க வக்கீல்கள் பயன்படுத்துவது அதைத்தான், மணியில் பத்தில் ஒரு பங்கு. அதே நாள் 102 நிமிடம் ஆகிறது. வீக்கம் குறைகிறது, போகவில்லை. அலகின் அளவைவிட எந்த இடத்தில் ஏற்றுகிறோம் என்பதே முக்கியம். நிமிடத்தை அப்படியே குறித்துவிட்டு, பில் போடும்போது மொத்தத்தில் ஒரே ஒரு தடவை ஏற்றுவதுதான் என் வழி.

பயணம் இன்னொரு வம்பு. ஆலைக்குப் போகும் பஸ் நேரத்துக்குப் பாதிக் கட்டணம் என்று முன்கூட்டியே பேசிவிட்டேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து வேறொருவர் வேலையைச் செய்தால்? அதே ஒரு மணி இருவருக்கும் பில் ஆகலாம். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1993-ல் 93-379 என்ற கருத்துரையில் இதே கேள்வியை எடுத்தது. ஒருவருக்காக விமானத்தில் போகும் வக்கீல் வழியில் இன்னொருவர் வேலையைப் பார்த்தால், அந்த நேரத்தை இருவருக்கும் போடக்கூடாது என்றது. திண்டிவனம் பஸ்ஸுக்கும் அது பொருந்தும். அந்த நேரத்தை யார் வேலை செய்தேனோ அவர் கணக்கில் மட்டும் எழுதுகிறேன்.

பதிவு உண்மையா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மாதத்துப் பதிவுகளின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். எல்லாம் 0, 5 என்றே முடிந்தால் அது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞாபகத்திலிருந்து எழுதினது. போன மார்ச் மாதம் என்னுடையது அப்படித்தான் இருந்தது.