ω-வைத் தாண்டும் படி

பள்ளியில் படித்த கணிதத் தொகுத்தறிதல் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகும். எல்லா இயல் எண்களுக்கும் பின்னால் நிற்கும் ω என்ற வரிசையெண்ணை மட்டும் அதனால் எட்ட முடியாது. ω-வுக்குச் சற்று முன்னால் என்று ஓர் எண்ணே இல்லை. முடிவிலி கடந்த தொகுத்தறிதல் இங்கே இன்னொரு படியைச் சேர்க்கிறது. இப்படி முந்தைய எண் இல்லாததை எல்லை வரிசையெண் என்பார்கள். அதற்குக் கீழுள்ள அனைத்துக்கும் கூற்று உண்மை என்று வைத்துக்கொண்டு, அதற்கும் நிறுவ வேண்டும்.

இந்தப் படியின் அழகை ஒரு சின்ன நிறுவலில் ரசிக்கலாம்: α ≥ ω எனில் 1 + α = α. தொடக்கம் ω. 1 + ω என்பது 1 + 0, 1 + 1, 1 + 2 என ஏறும் எண்களின் மீச்சிறு மேல் எல்லை, அது ω-வேதான். அடுத்து, 1 + α = α எனில் 1 + (α + 1) = (1 + α) + 1 = α + 1. அடைப்புக்குறி ஓசையின்றி இடம் மாறுகிறது, வேலை முடிகிறது. கடைசியாக, ω-வைவிடப் பெரிய எல்லை வரிசையெண் λ. 1 + λ என்பது, λ-வுக்குக் கீழுள்ள β-க்களுக்கான 1 + β-க்களின் மீச்சிறு மேல் எல்லை. ω முதலான ஒவ்வொரு β-வுக்கும் 1 + β = β என்று ஏற்கெனவே கையில் இருக்கிறது; ω-வுக்குக் கீழுள்ளவை மேல் எல்லையைத் தொடுவதில்லை. ஆகவே விடை λ. கூற்று எங்காவது பொய்த்தால், பொய்க்கும் எண்களில் மிகச் சிறியது ஒன்று இருந்தாக வேண்டும். இந்த மூன்று படிகளும் அதற்கு ஒதுங்க இடமே விடுவதில்லை. வரிசையை மாற்றி ω + 1 என்று எழுதினால் மட்டும் ω-வைவிடப் பெரிய, புதிய எண் பிறந்துவிடும்.