பதினைந்து பாகையும் வேருக்குள் வேரும்

sin 15° காண மேல்நிலை வகுப்பில் இரண்டு வழிகள் உண்டு. 45-லிருந்து 30-ஐக் கழிப்பது ஒன்று. 30-ஐப் பாதியாக்குவது மற்றொன்று. இரண்டாவதில் எழுத்துவேலை குறைவு. cos 2A = 1 − 2 sin²A என்ற இரட்டைக் கோண வாய்பாட்டில் A = 15° என்று போட்டால், இடப்பக்கம் நமக்கு மனப்பாடமான √3/2 வந்துவிடுகிறது. அதிலிருந்து sin²15° = (2 − √3)/4. வர்க்கமூலம் எடுத்தால் sin 15° = √(2 − √3)/2.

சுருக்கமான வழிதான், ஆனால் விடையின் முகம் நன்றாயில்லை. வேருக்குள் இன்னொரு வேர் உட்கார்ந்திருக்கிறது. கழித்தல் வழியில் போனவர் கையில் (√6 − √2)/4 இருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. வர்க்கப்படுத்தினால் தெரியும்: (8 − 2√12)/16 என்பது (2 − √3)/4 ஆகச் சுருங்கும். இரண்டும் மிகை எண்கள், வர்க்கங்கள் சமம், எனவே எண்களும் சமம். 15 பாகைக்கு மட்டும் என்றால் நான் கழித்தல் பக்கம்தான்.

இதைவிடப் பெரிய குறை, வர்க்கமூலத்தோடு வரும் ± குறி. 15-இல் அது தொல்லை தராது, 105-இல் தரும். 105 என்பது 210-இன் பாதி. 210 மூன்றாம் கால்பகுதியில் இருப்பதால் sin 105°-க்கும் குறை குறி போட்டுவிடும் மாணவர்கள் பலர். வாய்பாட்டில் கண்முன் நிற்பது cos 210°. குறியை முடிவுசெய்வதோ 105 இருக்கும் இரண்டாம் கால்பகுதி. அங்கே சைன் மிகை, கொசைன் குறை. இதை வாய்பாடு சொல்லித் தராது. படம் வரைந்துதான் பார்க்க வேண்டும்.

இரண்டு குறைகளிலிருந்தும் தப்பிய வடிவம் ஒன்று இருக்கிறது: tan A = (1 − cos 2A)/sin 2A. வேரும் இல்லை, ± குறியும் இல்லை. 30-ஐ இட்டால் (1 − √3/2) ÷ 1/2, அதாவது 2 − √3. ஒரே வரி. பாடநூல்கள் இதை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, வேர் போட்ட வடிவத்தை முன்னால் நிறுத்துவது எனக்குப் புரியாத ஒன்று. அடுத்த படியிலும் இது கைகொடுக்கும்: 15-இன் மதிப்புகளை இட்டுச் சுருக்கினால் tan 7.5° = √6 − √3 + √2 − 2.

பாதியாக்கும் முறையின் உண்மையான வலு இங்கேதான். தெரிந்த கோணங்களை வெறுமனே கூட்டிக் கழித்து 7.5-ஐ அடைய முடியாது. ஆரியபட்டரின் சைன் அட்டவணை 3¾ பாகைப் படிகளில் நகர்கிறது. 30-ஐ மூன்று முறை பாதியாக்கினால் வருவது அந்த அளவுதான். 15 பாகைக்கு அதில் உள்ள எண் 890, ஆரம் 3438. வகுத்துப் பார்த்தால் 0.2589, சரியான மதிப்பு 0.2588.

ஆனால் பாதியாக்கல் எல்லாக் கோணத்துக்கும் போகாது. 20 பாகை வேண்டுமென்றால் 60-ஐ மூன்றாகப் பிரிக்க வேண்டும்; அப்போது cos 20° என்பது 8x³ − 6x − 1 = 0 என்ற முப்படிச் சமன்பாட்டின் மூலமாகிறது. வர்க்கமூலங்களை எத்தனை அடுக்கு அடுக்கினாலும் அதன் தீர்வை எழுத முடியாது என்பதை 1837-இல் வான்ட்செல் நிறுவிவிட்டார்.