மூலை, ஓரம், நடு: கோ தொடக்க வரிசை எவ்வளவு தூரம் செல்லும்?

கோ கற்கத் தொடங்குபவருக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடங்களில் ஒன்று இந்த வரிசை: முதலில் மூலை, பிறகு ஓரம், கடைசியில் நடு. முழுப் பலகையில் குறுக்கிலும் நெடுக்கிலும் 19 கோடுகள், 361 சந்திப்புகள். எங்கு வேண்டுமானாலும் கல்லை வைக்கலாம் என்ற நிலையில் திகைத்து நிற்பவருக்கு இந்த வரிசை உடனே கைகொடுக்கிறது. ஆனால் இதன் மூன்று படிகளும் ஒரே அளவு உறுதியானவை அல்ல. முதல் படியை அசைக்க முடியாது. இரண்டாவது படி பாதியளவே உண்மை. மூன்றாவதை அப்படியே நம்பி ஆடுபவர் பல ஆட்டங்களை வீணாக இழப்பார்.

முதல் படியின் பலம் எளிய கணக்கில் இருக்கிறது. ஒன்பது வெற்றுச் சந்திப்புகள் கொண்ட ஒரு சதுரத்தை வளைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூலையில் பலகையின் இரண்டு விளிம்புகள் உதவுவதால் ஆறு கற்கள் போதும். ஓரத்தில் ஒரு விளிம்புதான் உதவும், ஒன்பது கற்கள் வேண்டும். நடுவில் எந்த உதவியும் இல்லை, பன்னிரண்டு ஆகும். உயிர் பிழைப்பதிலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. ஒரு கூட்டம் பிடிபடாமல் நிலைக்க அதனுள் இரண்டு தனித்தனிக் கண்கள் வேண்டும். அதற்குக் குறைந்தபட்சம் மூலையில் ஆறு கற்கள், ஓரத்தில் எட்டு, நடுவில் பத்து. ஆளுக்கு ஒரு கல்லாக மாறி மாறி வைக்கும் ஆட்டத்தில் இந்த மிச்சம் சிறியதல்ல.

இந்தக் கணக்கு பிழையற்றது. ஆனால் அது வேலி முழுதாக முடிந்த நிலத்தை மட்டுமே அளக்கிறது. தொடக்கத்தில் யாரும் வேலியை முடிப்பதில்லை. ஒரு கல்லை வைத்து, அங்கே பின்னால் வரக்கூடிய வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு வேறிடம் போகிறார்கள். வாய்ப்பை அளக்க வேறு கணக்கு வேண்டும்.

ஒரு கற்பனைப் பலகையை எடுத்துக்கொள்வோம். கருப்பு மூன்றாவது கோடு முழுவதையும் சுற்றிக் கல் வைக்கிறது, வெள்ளை அதற்கு உட்புறமாக நான்காவது கோட்டைச் சுற்றி வைக்கிறது. கருப்புக்கு 56 கற்கள் செலவு, விளிம்பை ஒட்டி 136 சந்திப்புகள் வரவு. வெள்ளைக்கு 48 கற்கள் செலவு, நடுவில் 121 சந்திப்புகள் வரவு. மூலைகள் எல்லாமே கருப்பிடம் இருந்தும், கல் ஒன்றுக்கு வெள்ளைதான் சற்று அதிகம் ஈட்டுகிறது. இப்படி ஓர் ஆட்டம் நடக்காதுதான். ஆனாலும் நடு மலிவான நிலம் என்ற எண்ணத்தை இது ஒன்றே கலைத்துவிடும்.

இந்த வரிசையை மிகத் துணிவாகச் சோதித்த ஆட்டம் 1933 அக்டோபரில் தோக்கியோவில் தொடங்கியது. வெள்ளைக்கு ஹொன்இன்போ ஷூசாய், பழைய மரபின் தலைவர். கருப்புக்கு சீனாவில் பிறந்து ஜப்பானுக்கு வந்திருந்த 19 வயது கோ செய்கென். கருப்பின் முதல் கல் ஒரு மூலையின் மூன்றுக்கு மூன்று புள்ளியில் விழுந்தது. ஹொன்இன்போ பள்ளி விலக்கி வைத்திருந்த இடம் அது. அடுத்த கல் எதிர் மூலையின் நட்சத்திரப் புள்ளியில், அதாவது நான்குக்கு நான்கில். மூன்றாவது கல் பலகையின் நடுப்புள்ளியான தெங்கெனில். வெள்ளை மற்ற இரண்டு மூலைகளையும் மரபுப்படி எடுத்துக்கொண்டது.

இதைப் பெரும் கலகம் என்று சொல்வது வழக்கம். வரிசையை உற்றுப் பார்த்தால் கலகம் எங்கே என்பது துல்லியமாகத் தெரியும். முதல் நான்கு கற்களும் நான்கு மூலைகளுக்கே போயின. மூலை முதலில் என்பதை அந்த இளைஞரும் மீறவில்லை. ஐந்தாவது கல் ஓரத்தைத் தாண்டி நேரே நடுவுக்குப் போனதுதான் புதிது. அது எப்படிச் சாத்தியமானது? பழைய முறையில் மூலையின் முதல் கல்லை மூன்றுக்கு நான்கில் வைப்பார்கள். அது ஒருபக்கம் சாய்ந்த நிலை என்பதால் மூலையை உறுதிப்படுத்த இன்னொரு கல் வேண்டும். அதற்கு முன் எதிரி நெருங்கிவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றுக்கு மூன்றும் நட்சத்திரப் புள்ளியும் இருபுறமும் சமமானவை, ஒரே கல்லோடு அந்த மூலையை விட்டுப் போகலாம். அப்படி மிச்சமான முறைதான் நடுவுக்குச் செலவானது.

இதற்கு விலையும் உண்டு. மூன்றுக்கு மூன்றில் உள்ள கல் தாழ்வானது, எதிரி மேலிருந்து அழுத்தலாம். நட்சத்திரப் புள்ளியில் உள்ள கல் மூலையைக் காப்பதில்லை, எதிரி அதற்குக் கீழே மூன்றுக்கு மூன்றில் நுழைந்து பிழைத்துக்கொள்ளலாம். அந்த ஆட்டம் 1934 ஜனவரியில் முடிந்தது. வெள்ளை இரண்டு புள்ளியில் வென்றது. அதை வைத்து மரபு வென்றது என்று தீர்ப்பு எழுதுவது சரியல்ல. வெள்ளைக்கு ஆட்டத்தை விரும்பியபோது ஒத்திவைக்கும் உரிமை இருந்தது, அது பலமுறை பயன்படுத்தவும்பட்டது. அதேபோல் கருப்பு முதலில் ஆடுவதற்கு ஈடாக வெள்ளைக்குப் புள்ளி தரும் ஏற்பாடும் அன்று இல்லை.

நடுவை ஒரு தொடக்க முறையாகவே வளர்த்தவர் தகெமியா மசாகி. 1988லும் 1989லும் ஃபுஜித்சு உலகக் கோப்பையை வென்றவர். ஒரே பக்கத்தின் இரண்டு மூலை நட்சத்திரப் புள்ளிகளையும் அவற்றுக்கு நடுவிலுள்ள ஓரப் புள்ளியையும் கருப்பு பிடிப்பது அவருடைய விருப்பமான அமைப்பு. மூன்றும் நான்காவது கோட்டில் இருப்பவை. இப்போது வெள்ளை ஒரு மூலையில் மூன்றுக்கு மூன்றில் நுழைகிறது என்று கொள்வோம். கருப்பு தன் ஓரத்துக் கல் இருக்கும் பக்கத்தில் தடுக்கிறது. வெள்ளை உள்ளே பிழைத்து ஒரு சிறு மூலை நிலத்தை எடுத்துக்கொள்கிறது. கருப்பின் கற்கள் வெளியே சுவராகி நடுவை நோக்கி நிற்கின்றன. வரிசையை மனப்பாடம் செய்தவர் கணக்கில் வெள்ளைக்கு மூலை கிடைத்தது, கருப்பு ஏமாந்தது. அவர் கருப்பை ஆடினால் அடுத்த கல்லைத் தன் சுவருக்கு அருகிலேயே மூன்றாவது கோட்டில் வைப்பார், ஓரத்தை எடுத்ததாக நினைப்பார். அங்கே சுவரே காவல் நிற்பதால் அந்தக் கல் ஈட்டுவது மிகக் குறைவு. இரு தரப்பின் விரிவும் சந்திக்கும் உயரமான புள்ளிதான் அப்போது பெரியது.

வரிசையின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நடுவில் விரிவது நிலமல்ல, நிலமாகக்கூடிய பரப்பு. வெள்ளை அதன் விளிம்பில் இலேசாக ஒரு கல்லை வைத்துக் குறைக்கும்போது, அந்தக் கல்லைத் துரத்தி வேறெங்காவது லாபம் பார்க்கத் தெரியாதவரிடம் பரப்பு கரைந்துவிடும். வெள்ளையின் மூலை மட்டும் அப்படியே இருக்கும். போரில் வலு இல்லாதவருக்கு நடுவைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வது பாதுகாப்பான அறிவுரைதான்.

என் ஆட்சேபம் இரண்டாவது படி மீதுதான் அதிகம். மூலைகள் நிரம்பியதும் அடுத்தது ஓரம் என்று கை தானாகப் போகிறது. அந்த நேரத்தில் பலகையில் கண்ணில்லாத, இரு பக்கமும் எதிரி நெருங்கிய ஒரு கூட்டம் நின்றுகொண்டிருக்கும். எதிரி இன்னொரு கல் வைத்தால் அது நடுவுக்குள் ஓட வேண்டிவரும், ஓடும் வழியில் எதிரிக்கு இரு புறமும் சுவர் எழும். அப்படிப்பட்ட கூட்டம் இருக்கும்போது காலியான ஓரம் எவ்வளவு அகலமாக இருந்தாலும் இரண்டாம் பட்சமே. தவறிவிட்டோமா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு: உங்கள் ஓரத்துக் கற்கள் எல்லாம் மூன்றாவது கோட்டிலும், அவற்றை எதிர்கொள்ளும் எதிரியின் கற்கள் நான்காவதிலும் ஐந்தாவதிலும் இருந்தால், வரிசையைக் கடைப்பிடித்தே நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள்.

ஆகவே கற்பிப்பவர்கள் இந்த வரிசையை முதல் நான்கு கற்களுக்கு மட்டும் சொல்லித்தரட்டும். ஐந்தாவது கல்லிலிருந்து மாணவர் ஓரமா நடுவா என்று கேட்க வேண்டாம். எந்தக் கூட்டத்துக்கு இன்னும் கண்ணில்லை, எந்தச் சுவருக்கு இன்னும் வேலையில்லை என்று பார்த்துக் கல்லை வைக்கட்டும்.