பீடிப் புத்தகமும் கொத்தனார் கூலியும்

ஜீவனாம்ச வழக்கில் தொகை எப்படி முடிவாகிறது என்று கேட்டால் வக்கீல்கள் இன்று முதலில் சொல்வது ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பைத்தான். உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று அதை வழங்கியது. 2013-இல் கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணுக்கு நாக்பூர் குடும்ப நீதிமன்றம் மாதம் 15,000 ரூபாயும், குழந்தைக்கு முதலில் 5,000, பிறகு 10,000 ரூபாயும் இடைக்காலமாக விதித்திருந்தது. அந்த இடைக்காலத் தொகை மீதான சண்டையே ஏழு ஆண்டு இழுத்தது. அந்த எரிச்சலில்தான் நீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஒரு முறையை வகுத்தது. கணவன், மனைவி இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். மனு போட்ட நாளிலிருந்தே தொகை ஓட வேண்டும். இடைக்கால மனுவை நாலு முதல் ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும்.

நல்ல தீர்ப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தாமிரபரணிக் கரையில் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பதுதான் என் கேள்வி.

முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் பெண்கள் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். மேலப்பாளையத்திலும் அப்படித்தான். இலையும் தூளும் வாங்குவது, சுற்றிய பீடியைக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் பீடிக்கடைக் கணக்குப் புத்தகத்தில் ஏறும். பி.எஃப். பிடித்தமும் இருக்கும். ஆக, மனைவி சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தாள் உண்டு. கணவன் கொத்தனார், அல்லது லோடு ஆட்டோ ஓட்டுபவர், அல்லது கேரளாவுக்குப் போய்வரும் தச்சர். அவர் கூலி கையில் வாங்கிக் கையில் செலவாவது. வயலில் நிலைமை இன்னும் மோசம். காரும் பிசானமும் விளைந்து வீடு வந்திருக்கும். பட்டா அப்பா பேரில் இருக்கும், குத்தகையோ வாய்ப்பேச்சு. விவசாயிகளுக்கென்று அந்தத் தீர்ப்பே தனிப் படிவம் தந்திருக்கிறது. ஆனால் எழுதுபவர் எழுதினால்தானே? முழு விவரம் கேட்கும் பத்திரம் இங்கே பெண்ணின் வருமானத்தை மட்டும் வெளிச்சம்போட்டுக் காட்டிவிடுகிறது. கணவர் தரப்பு பீடிப் புத்தகத்தின் நகலை நீட்டி, “இவங்களுக்குத்தான் வருமானம் இருக்கே ஐயா” என்று முடித்துக்கொள்ளும்.

அந்த வாதம் சட்டத்தில் நிற்காது. தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாதவள் என்றால் பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்தவள் என்று பொருளல்ல. கணவன் வீட்டில் இருந்த அளவுக்கு வாழ அவள் வருமானம் போதுமா என்பதே அளவுகோல். 2007-இல் சதுர்புஜ் எதிர் சீதாபாய் வழக்கிலேயே இது தீர்ந்த விஷயம். அவள் சம்பாத்தியம் தொகையைக் குறைக்கலாம், உரிமையை அழிக்காது.

தொகைக்கு வருவோம். ஒரு கற்பனைக் குடும்பம்: மனைவி, பள்ளி போகும் இரண்டு பிள்ளைகள், கொத்தனார் கணவர். பீடியில் அவளுக்கு மாதம் 4,000 ரூபாய். “மாசம் பத்து நாள்தான் வேலை, ஆறாயிரம் தேறாது” என்று அவர் பத்திரம் தாக்கல் செய்கிறார். குறுக்கு விசாரணையில் நாள்கூலி 900 என்று ஒப்புக்கொள்கிறார். கூகுள் பே வரவு, பைக் தவணை, மாதச் சீட்டு இவற்றைப் பார்த்தால் இருபது நாள் வேலை உறுதி என்று நீதிபதி முடிவுக்கு வரலாம். அப்படியானால் 18,000.

இனி வக்கீல்கள் வாயில் புழங்கும் ‘கால்வாசி’ வரும். 18,000-இல் கால்வாசி 4,500. அதை மூன்று பேருக்கும் சேர்த்துக் கொடுத்தால் தலைக்கு 1,500. கணவருக்கு மட்டும் 13,500 மிஞ்சும். இந்தக் கால்வாசிக்கு மேற்கோள் காட்டப்படுவது 2017-இல் வந்த கல்யாண் டே சௌத்ரி வழக்கு. அதைப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். அங்கே கணவர் டாக்டர். கையில் வரும் சம்பளம் 95,527 ரூபாய். 25 சதவீதம் நியாயம் என்று சொன்ன அதே தீர்ப்பு, அவருக்கு இரண்டாம் திருமணமும் குழந்தையும் இருப்பதால் 23,000-ஐ 20,000 ஆகக் குறைத்தது. அது ஏறத்தாழ 21 சதவீதம். விதியாக வைத்திருந்தால் அந்த வழக்கிலேயே அது மீறப்பட்டிருக்கிறது. தொண்ணூறாயிரத்தில் முக்கால் பங்கை ஒருவர் வைத்துக்கொள்வதும் பதினெட்டாயிரத்தில் முக்கால் பங்கை வைத்துக்கொள்வதும் ஒன்றாகுமா? வருமானம் சிறுக்கச் சிறுக்கப் பிள்ளைகளின் பங்கு கூட வேண்டும். சோற்றுச் செலவு சம்பளத்தைப் பார்த்துக் குறைவதில்லை.

டெல்லி உயர் நீதிமன்றம் 2004-இல் அனுரிதா வோரா வழக்கில் வேறு வழி காட்டியது. குடும்ப வருமானத்தைப் பங்கு போடு, சம்பாதிக்கும் கணவருக்கு இரண்டு பங்கு, மற்றவருக்குத் தலைக்கு ஒன்று. நம் கணக்கில் பீடி வருமானத்தையும் சேர்த்தால் மொத்தம் 22,000, ஐந்து பங்கு, ஒரு பங்கு 4,400. மனைவி, பிள்ளைகளுக்கு 13,200. அதில் அவளே சம்பாதிக்கும் 4,000-ஐக் கழித்தால் கணவர் தர வேண்டியது 9,200. அவருக்கு 8,800 நிற்கும். வயதான தாய் அவரை நம்பி இருந்தால் இன்னொரு பங்கு சேரும். அப்போது பங்கு 3,667 ஆகச் சுருங்கி, அவர் தருவது சுமார் 7,000 ஆகும். அந்தத் தாய் உண்மையில் யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்று பார்ப்பது நீதிபதியின் வேலை.

இந்தச் சூத்திரம் தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ரஜ்னேஷ் தீர்ப்பும் எந்தச் சூத்திரத்தையும் கட்டாயமாக்கவில்லை; வாழ்க்கைத் தரம், வயது, வேலை, பிள்ளைகளின் படிப்பு, கணவனின் மற்றப் பொறுப்புகள் என்று அளவைகளை அடுக்கிவிட்டு மீதியை நீதிபதியிடம் விட்டது. அது சரியே. கையில் கூலி வாங்குபவரின் வருமானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் அதன் கை தளர்கிறது. தனக்கு மட்டுமே தெரிந்த உண்மையை மறைப்பவருக்கு எதிராக அனுமானிக்கச் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. ரஜ்னேஷும் அதைச் சுட்டுகிறது. ஆனால் அந்த அனுமானம் எந்த எண்ணில் தொடங்கும்? கொத்தனாருக்கு ஊரில் நடப்புக் கூலி என்ன, வேலை நாள் எத்தனை என்று மேஸ்திரியைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மனைவி தரப்பு அதைச் செய்யாமல் “மாதம் ஐம்பதாயிரம் சம்பாதிக்கிறார்” என்று மனுவில் எழுதிவிடுகிறது. ஒரு பக்கம் ஆறாயிரம், மறுபக்கம் ஐம்பதாயிரம். நடுவே ஒரு தொகையை நீதிபதி காரணம் எழுதாமல் போட்டால் மதுரைக் கிளையில் சீராய்வு மனு காத்திருக்கிறது. பத்திரம் கேட்கும் வழக்கமே சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று 2023 நவம்பரில் அதிதி எதிர் ஜிதேஷ் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றமே குறைபட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது: அளவுகோல் சரி, அளக்கும் பழக்கம் போதாது. கணவரின் வேலை நாள், கூலி, யார் யார் பங்கு, எதைக் கழித்தது என்ற நாலு வரிக் கணக்கு உத்தரவிலேயே இருந்தாக வேண்டும். கால்வாசியைச் சிறு வருமானக் குடும்பத்தில் பயன்படுத்தவே கூடாது. பீடிப் புத்தகத்தைப் பார்க்கும் நீதிபதி அதே கூர்மையோடு கணவரின் போன் வரவையும் கேட்க வேண்டும்.

இன்னும் இரண்டு இடத்தில் ஆள் தடுக்கி விழலாம். ஊர்ப் பெரியவர்கள் முன் “சம்மதித்துப் பிரிந்தோம், இனிச் செலவு கேட்கமாட்டேன்” என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கும் வழக்கம் இருக்கிறது. பிள்ளைகளின் உரிமையை அந்தத் தாள் தொட முடியாது. ஆனால் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்குத் தொகை இல்லை என்று சட்டமே சொல்வதால், அவள் கையெழுத்து அவளுக்கு எதிராகவே நீட்டப்படும். அடித்துத் துரத்தப்பட்டவள் அதில் கையெழுத்திடாமல் இருப்பது நல்லது.

மற்றது வசூல். ஜீவனாம்சத்துக்கான பழைய 125-ஆம் பிரிவு இப்போது 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144. மனு போட்ட நாள் முதல் தொகை என்றால் நம் கணக்கில் இரண்டு ஆண்டு வழக்குக்கு 2,20,800 ரூபாய் பாக்கி நிற்கும். ஒவ்வொரு மாதத் தொகையையும் வசூலிக்க, அது தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும்; விட்டால் அந்தப் பிரிவின் கீழ் வாரண்டு கிடைக்காது. கட்டாதவர் சிறைக்குப் போய்வந்தாலும் கடன் தீராது என்று 1988-இலேயே குல்தீப் கௌர் வழக்கில் சொல்லிவிட்டார்கள்.