தாயின் அழுகையும் தார் ஷெனாயும்

திரைப்படத்தில் நாம் கேட்கும் ஒலிகளை இரண்டாகப் பிரிக்கலாம். கதவு சாத்தப்படும் ஓசை, மழை, பேச்சு ஆகியவை கதைக்குள்ளேயே பிறப்பவை. பின்னணி இசையோ வெளியிலிருந்து சேர்க்கப்படுவது. இரண்டையும் வேறுபடுத்தி அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அந்த ஒலி கதைமாந்தர்களின் காதில் விழுமா என்று கேட்டுப் பாருங்கள். விழுமென்றால் அது உள்ளொலி, விழாதென்றால் சேர்ப்பிசை. இந்தச் சோதனையையே தடுமாற வைக்கும் காட்சி ஒன்றை இங்கே ஆராய்வோம்.

சத்யஜித் ராய் இயக்கி 1955-இல் வெளிவந்த வங்காளிப் படம் 'பதேர் பாஞ்சாலி'. அதில் பிழைப்புத் தேடி வெளியூர் சென்ற ஹரிஹர், நீண்ட நாட்களுக்குப் பின் கிராமத்துக்குத் திரும்புகிறார். மழையில் நனைந்து காய்ச்சல் கண்ட மகள் துர்கா இறந்துவிட்டது அவருக்குத் தெரியாது. வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக மனைவி சர்வஜயாவிடம் காட்டுகிறார். அவள் வாய் திறக்கவில்லை. இதுவரை நம் காதில் விழுவது பெரும்பாலும் ஹரிஹரின் குரலே. கடைசியில் துர்காவுக்கென்று வாங்கிய புடவையை எடுத்து நீட்டுகிறார். சர்வஜயா அதைப் பற்றிக்கொண்டு கதறி விழுகிறாள்.

அவள் வாய் திறப்பதைப் பார்க்கிறோம். ஆனால் அழுகுரல் கேட்கவில்லை. அதன் இடத்தில் தார் ஷெனாய் உச்சத்தில் ஒலிக்கிறது. படத்துக்கு இசையமைத்தவர் ரவிசங்கர். இக்கருவியை வாசித்தவர் தட்சிணாமோகன் தாகூர். இப்போது நம் சோதனையைச் செய்து பாருங்கள். அந்த இசை ஹரிஹரின் காதில் விழாது, அழுகை விழும். நமக்கோ அழுகை விழாது. இசை மட்டுமே விழும். ஓர் உள்ளொலியின் இருக்கையில் சேர்ப்பிசை வந்து அமர்ந்துவிட்டது!

வேறு எந்தக் கருவியும் இதைச் செய்திருக்குமா? இங்கேதான் இயற்பியல் வருகிறது. தார் ஷெனாய் என்பது வில்லால் வாசிக்கப்படும் எஸ்ராஜ் என்ற தந்திக் கருவியின் மாற்று வடிவம். தந்தியின் அதிர்வு மெல்லிய தகடு ஒன்றுக்குச் சென்று, அங்கிருந்து உலோகக் கூம்பு வழியாக வெளிவருகிறது. பழைய கிராமபோன் பெட்டியின் ஏற்பாடே இது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். சிறிய கூம்பு அவ்வளவு நீண்ட அலைகளை நன்றாக வெளியிடாது. ஆகவே அடித்தொனி மெலிந்து, உயர் தொனிகள் ஓங்குகின்றன.

மேலும், வில்லில் ஒட்டியும் வழுக்கியும் அதிரும் தந்தி மேற்சுரங்கள் நிறைந்தது. 680 ஹெர்ட்ஸில் வாசித்தால், அதன் ஐந்து மடங்கான 3400 ஹெர்ட்ஸும் உடன் ஒலிக்கும். நம் செவிக்குழாய் ஒருபுறம் மூடிய, ஏறக்குறைய 2.5 செ.மீ. நீளமுள்ள குழாய். ஒலியின் வேகமான 340 மீ/வினாடியை அந்நீளத்தின் நான்கு மடங்கான 0.1 மீட்டரால் வகுத்தால் அதன் ஒத்ததிர்வு 3400 ஹெர்ட்ஸ் என்று வருகிறது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் இதுவே. வீறிட்ட அலறல் நெஞ்சைத் துளைப்பதற்கும் இது ஒரு காரணம். அதோடு, மனிதக் குரலைப்போலவே வில் வாத்தியமும் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றி இழைந்து செல்லும். அழுகையின் சாயல் அதில் தானே வந்துவிடுகிறது.

அழுகையையும் இசையையும் சேர்த்தே ஒலிக்கச் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண் பகுதியில் இருப்பதால், பலத்த ஒலி மற்றதை மறைக்கும். அழுகை ஓங்கினால் இசை இரைச்சலாகும். இசை ஓங்கினால் அழுகை முனகலாகும். அந்த நிலையில் இசை வெறும் அலங்காரமே. சோகக் காட்சிகள் பலவற்றில் நடிகர் அழ, வயலின்களும் உடன் அழுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இரண்டுமே மனத்தில் தங்குவதில்லை.

இந்த உத்தியில் ஓர் ஆபத்தும் உண்டு. வாயசைந்தும் குரல் வராவிட்டால், ஒலிப்பெருக்கி பழுது என்று பார்வையாளர் எண்ணக்கூடும். அவள் கதறத் தொடங்கும்போதே இசையும் தொடங்குவதால் அந்த ஐயம் எழ இடமில்லை. சில நொடிகள் தாமதித்திருந்தால் காட்சி குலைந்திருக்கும். அதற்குமுன் நிலவிய சர்வஜயாவின் மௌனமும் முக்கியம். அவ்வளவு நேரம் இசை ஓடிக்கொண்டே இருந்திருந்தால், இந்த உச்சசுரம் இன்னொரு சுரமாகக் கடந்து போயிருக்கும்.

துர்கா இறந்ததை அந்தத் தாய் கணவனிடம் சொற்களில் சொல்லவில்லை. சொல்ல முடியாததை அவள் குரலாலும் நமக்குச் சொல்லவிடாமல், ஒரு தந்தியைக் கொண்டு ராய் சொல்ல வைத்தார். படம் கிடைக்கும்போது இக்காட்சியை ஒருமுறை ஒலியில்லாமலும், ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டும் கவனியுங்கள். ஒலியில்லாதபோது, ஒரு தாய் அழுவதைப் பார்ப்பீர்கள். கண்ணை மூடியபோது, ஒரு வாத்தியத்தைக் கேட்பீர்கள். இரண்டும் சேரும்போதுதான், திரையில் எங்குமே ஒலிக்காத அந்தக் குரல் உங்களுக்குக் கேட்கும்.