தேயாத கொம்பு

அரைச் சுற்றுக்கு +1, அடுத்த அரைச் சுற்றுக்கு −1. இடையில் சரிவு கிடையாது, நேர்க்குத்தான தாவல் மட்டும்தான். சதுர அலையின் உருவம் இவ்வளவே. மூலையே இல்லாத சைன் வளைவுகளை அடுக்கி இதைக் கட்டலாம் என்றால், முதலில் கேட்பவருக்குச் சந்தேகம்தான் வரும். ஃபூரியர் கட்டினார். வெப்பம் பரவுவதைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில், இதே அலையின் கொசைன் வடிவத் தொடரை அவர் கையாண்டிருக்கிறார். சைனில் எழுதினால் அது இப்படி வரும்:

f(x) = (4/π) [ sin x + (1/3) sin 3x + (1/5) sin 5x + … ]

இரட்டைப்படை உறுப்பு ஒன்றுகூட இல்லை. அலையின் மேல்பாதி 90 பாகையை நடுவாகக் கொண்டு இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால் அவை தாமாகவே விழுந்துவிடுகின்றன. சரியாக 90 பாகையில் நின்று பார்த்தால் 1 − 1/3 + 1/5 − … = π/4 கிடைக்கும். கேரளத்து மாதவரின் மரபு சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்த தொடர் அது!

ரசிக்க வேண்டிய இடம் தாவல்தான். x = 0 என்று போட்டால் எல்லா சைனும் பூஜ்யம். எத்தனை உறுப்பு சேர்த்தாலும் கூடுதல் பூஜ்யமே. +1 பக்கமும் சாயாமல் −1 பக்கமும் சாயாமல் தொடர் நட்டநடுவில் நிற்கிறது. தாவலில் இரு பக்க மதிப்புகளின் சராசரிக்கே தொடர் ஒருங்கும் என்பதைப் பொதுவாக நிறுவியவர் டிரிஷ்லே, ஆண்டு 1829.

தாவலுக்குச் சற்றுத் தள்ளித்தான் வேடிக்கை. முதல் n உறுப்புகளின் கூடுதலை வகையிட்டால் (2/π) · sin 2nx / sin x என்று கச்சிதமாகச் சுருங்குகிறது. அது முதன்முதலில் பூஜ்யமாகும் இடம் 90/n பாகை. அங்கேதான் வளைவின் முதல் உச்சி. மூன்று உறுப்பு எடுத்தால் உச்சி 30 பாகையில் வரும். sin 30° = 1/2, sin 90° = 1, sin 150° = 1/2. ஆகவே அடைப்புக்குள் 1/2 + 1/3 + 1/10 = 14/15. அதை 4/π-ஆல் பெருக்கினால் 1.188. உயரம் 1 ஆக இருக்க வேண்டிய அலையில் ஒரு கொம்பு முளைத்திருக்கிறது.

மூன்றே உறுப்பு, அதனால்தான் இப்படி என்று தோன்றலாம். ஒன்பது உறுப்பு எடுத்தால் கொம்பு 10 பாகைக்கு நகர்கிறது, உயரம் 1.180. தொண்ணூறு எடுத்தால் 1 பாகையில் 1.179. கொம்பு தாவலை நெருங்கிக்கொண்டே போகிறது, மெலிந்துகொண்டே போகிறது, ஆனால் தேய்வதில்லை.

ஏன்? உச்சியின் இடத்தைத் தொடரில் பொருத்தி எழுதிப் பார்த்தால், அது sin t / t என்ற வளைவின் கீழுள்ள பரப்பை, 0 முதல் π வரை, n சம அகலப் பட்டைகளாக நறுக்கிக் கூட்டுவதாக மாறிவிடுகிறது. ஒவ்வொரு பட்டையின் உயரமும் அதன் நடுப்புள்ளியில் எடுத்தது. n பெருகப் பெருகப் பட்டைகள் மெலிந்து, கூடுதல் தொகையீட்டுக்கே போய்ச் சேர்கிறது. அந்தப் பரப்பு 1.8519, அதை 2/π-ஆல் பெருக்கினால் 1.17898. கொம்பின் இறுதி உயரம் இதுதான். தாவலின் மொத்த உயரமான 2-இல் இந்த மிகை ஏறத்தாழ 9 சதவீதம். இந்தக் கணக்கில் மிக அழகான வரி எது என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும்: பிழை என்று நினைத்தது, துல்லியமான ஒரு பரப்பளவாக வந்து நிற்கிறது.

அப்படியானால் தொடர் ஒருங்குகிறது என்பது பொய்யா? இல்லை. 10 பாகையில் ஒருவர் அசையாமல் நிற்கட்டும். ஒன்பதாவது உறுப்பில் கொம்பு அவரைத் தொட்டு, பிறகு தாவலை நோக்கிப் போய்விடும். அதன் பின்னால் வரும் நெளிவுகளும் அடங்கி, அவர் காலடியில் மதிப்பு 1-இல் நிலைத்துவிடும். தாவலுக்கு எவ்வளவு அருகில் நின்றாலும் அப்படித்தான். அருகே போகப்போகக் காத்திருக்க வேண்டிய உறுப்புகள் கூடும், அவ்வளவே. எல்லாப் புள்ளிக்கும் பொதுவான ஒரு எண்ணிக்கை கிடையாது. புள்ளி தோறும் ஒருங்கும், சீராக ஒருங்காது என்று பாடநூல் சொல்வதன் உருவம் இந்தக் கொம்பு.

இதை முதலில் அச்சில் ஏற்றியவர் ஹென்றி வில்பிரகாம், 1848இல். யாரும் பொருட்படுத்தவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து மைக்கேல்சன், தாவும் சார்பைத் தொடர் எப்படிக் காட்டும் என்று ‘நேச்சர்’ இதழில் கேள்வி எழுப்ப, விவாதம் மூண்டது. கிப்ஸ் 1898இல் எழுதிய பதிலில் கொம்பு விடுபட்டுப் போயிற்று. 1899இல் அவரே திருத்தினார். 1906இல் போக்கர் அதற்குக் கிப்ஸின் பெயரையே வைத்துவிட்டார்.

கொம்பு வேண்டாம் என்பவர்களுக்கு ஃபேயெர் 1900இல் வழி சொன்னார்: பகுதிக் கூடுதல்களை அப்படியே எடுக்காமல் அவற்றின் சராசரியை எடுக்க வேண்டும். வளைவு 1-ஐத் தாண்டவே தாண்டாது. ஆனால் அதே எண்ணிக்கை உறுப்புகளில் தாவலின் ஏற்றம் மந்தமாகிவிடும்.