புள்ளி இடம் மாறிய தண்டு

6205 பேரிங் உட்காரும் தண்டின் வரைபடம். விட்டம் 25 மி.மீ.; ±0.01 என்று இருக்க வேண்டிய டாலரன்ஸ் ±0.1 என்று இருக்கிறது. பட்டறைக்குப் போகுமுன் அந்தப் பிழையைப் பிடிக்கும் பயிற்சி வரைவாளர் ஒருத்தியின் கதை ஒன்றில் எனக்குப் பிடித்தது, அவள் எண்ணைப் பக்கத்துக் குறியோடு சேர்த்து வாசிக்கும் விதம். அதே பரப்புக்கு கிரைண்டிங் குறி போட்டிருக்கிறது, ±0.1-க்கு சாதாரண லேத் கடைசலே போதுமே, பிறகு கிரைண்டிங் எதற்கு?

கணினி பார்த்துக்கொள்ளாதா என்பார்கள். விட்டம் மாடலிலிருந்து வரும்; டாலரன்ஸைப் பெரும்பாலும் மனிதக் கைதான் தட்டுகிறது. தரச்சோதனையும் காப்பாற்றாது: மைக்ரோமீட்டரில் 25.08 காட்டும் தண்டு, அந்த வரைபடத்தின்படி தேறிய தண்டு. அசெம்பிளியில் பேரிங் ஏற மறுக்கும்போதுதான் விஷயம் தெரியவரும். பெருத்தவற்றை மறுபடி கிரைண்டிங் செய்து மீட்கலாம், 24.92-க்கு இளைத்தவற்றில் பேரிங் தளர்ந்து சுழலும்.